ஏசி லேபிளில் இருக்கும் யூனிட், உங்கள் பில்லில் எத்தனை ரூபாய்?

கடைக்கு ஏசி பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஸ்டாரை எண்ணுகிறார்கள், அடுத்து விலையைக் கேட்கிறார்கள். "அஞ்சு ஸ்டாரே எடுத்துக்குங்க சார், கூடப் போடுற காசு மூணு வருஷத்துல கரண்ட் பில்லுலயே வந்துடும்" என்று விற்பனையாளர் சொல்கிறார். சில வீடுகளுக்கு அது ஏறக்குறைய உண்மை. சில வீடுகளுக்குப் பதினைந்து வருடமானாலும் அந்தக் காசு திரும்பி வராது. உங்கள் வீடு எந்த வகை என்பதைக் கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டிய எண் ஸ்டாருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

அந்த லேபிளை ஒட்டச் சொல்வது மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பி.இ.இ. என்ற எரிசக்தித் திறன் பணியகம். 2010 முதல் சாதாரண ஏசிகளுக்கும், 2018 முதல் இன்வெர்ட்டர் ஏசிகளுக்கும் இந்த லேபிள் கட்டாயம். மேலே வளைவாக ஸ்டார்கள் இருக்கும். கீழே கம்பெனி பெயர், மாடல் எண், லேபிள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம் எல்லாம் இருக்கும். நமக்கு அவற்றில் மூன்று எண்கள் போதும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்பது ஒன்று. வாட் கணக்கில் குளிரூட்டும் திறன் இன்னொன்று. ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற சிறிய எண் மூன்றாவது. இது 3.8, 4.2, 5.1 என்கிற மாதிரி இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தைத் தின்று எத்தனை யூனிட் அளவு வெப்பத்தை அந்த ஏசி அறையிலிருந்து வெளியே தள்ளுகிறது என்பதன் ஆண்டுச் சராசரி அது. கூடுதலாக இருந்தால் நல்லது.

ஆண்டு யூனிட்டிலிருந்து ஆரம்பிப்போம். ஒன்றரை டன் மூன்று ஸ்டார் ஏசி ஒன்றில் 975 யூனிட் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஒன்றரை டன்னில் ஐந்து ஸ்டார் ஏசியில் 750 யூனிட். 2022 அளவுகோலின்படி வந்த ஏசிகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய எண்கள்தான் இவை. இந்த எண்ணோடு 1600 மணி நேரம் என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கும். ஏசி வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடினால் இவ்வளவு ஆகும் என்பது அதன் பொருள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 200 நாள். நாடு முழுமைக்கும் பொதுவாக வைத்த கணக்கு இது. உங்கள் வீட்டு ஏசி 700 மணி நேரம் ஓடலாம், 2500 மணி நேரமும் ஓடலாம். ஆகவே ஆண்டு யூனிட்டை 1600-ஆல் வகுத்து, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று ஸ்டாருக்கு 0.61 யூனிட் வருகிறது, ஐந்து ஸ்டாருக்கு 0.47 யூனிட். இனி உங்கள் மணி நேரத்தால் பெருக்கினால் உங்கள் யூனிட் வந்துவிடும்.

இது வரை எளிது. ரூபாயாக மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் தவறிப் போகின்றன.

வழக்கமாகச் செய்வது என்ன? பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் சொச்சம் என்று ஒரு சராசரி எடுத்து, அதை ஏசி யூனிட்டோடு பெருக்கிவிடுவது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்துக்கு இந்த முறை சரிப்படாது. காரணம், நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஏசி இல்லாவிட்டாலும் மின்விசிறி, ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி எல்லாம் ஓடத்தான் போகின்றன. மலிவான கீழ்ப்படிகளை அவை நிரப்பிவிடும். ஏசி அதற்கு மேல் ஏறி உட்காருகிறது. அதனால் ஏசி தின்னும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மேல்படியின் விலை.

2024 ஜூலை உயர்வுக்குப் பின் வீடுகளுக்கு வந்த விகிதத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கணக்குப் போடும்போது உங்கள் பில் நாளன்று உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 35 காசுப் படியே கிடையாது. 101-இலிருந்து 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501 யூனிட் என்றால் 2,048 ரூபாய் சொச்சம். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! இந்த வாசல்படியைத் தாண்ட வைப்பது பல வீடுகளில் ஏசிதான்.

சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகிற வீடு. பில் 1,081 ரூபாய் வருகிறது. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஏசியைப் போட்டு, காலை ஆறு மணிக்கு நிறுத்துகிறார்கள். ஒரு பில் காலத்துக்கு 60 நாள், நாளுக்கு எட்டு மணி என்று 480 மணி நேரம்.

மூன்று ஸ்டார் ஏசி வாங்கினால் அந்த 480 மணி நேரத்துக்கு 293 யூனிட். ஏற்கெனவே உள்ள 380-ஐச் சேர்த்தால் 673. அதற்குப் பில் 3,570 ரூபாய். பழைய 1,081-ஐக் கழித்தால் ஏசிக்காக மட்டும் கட்டுவது 2,489 ரூபாய். யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் விழுகிறது. சராசரி முறையில் போட்டிருந்தால் யூனிட்டுக்கு 5 ரூபாய் 30 காசு என்று எடுத்து, ஏறத்தாழ 1,550 ரூபாய்தான் ஆகும் என்று நினைத்திருப்போம். பில் வந்த அன்று "மீட்டர் ஓட்டமா ஓடுது" என்று மின்வாரியத்தைக் குறை சொல்வதற்குப் பல வீடுகளில் இந்தக் கணக்குப் பிழையே காரணம்.

ஐந்து ஸ்டார் வாங்கினால் 225 யூனிட். மொத்தம் 605, பில் 2,927 ரூபாய். ஏசிக்கான பங்கு 1,846 ரூபாய். ஆக, ஒரு பில்லுக்கு 643 ரூபாய் மிச்சம். ஆறு மாதத்துக்கு மூன்று பில். ஆண்டுக்கு மூன்று ஸ்டாருக்கு ஆகிற செலவு ஏறக்குறைய 7,470 ரூபாய், ஐந்து ஸ்டாருக்கு 5,540 ரூபாய். வித்தியாசம் 1,930. கடையில் இரண்டுக்கும் விலையில் 8,000 ரூபாய் வித்தியாசம் என்றால், போட்ட காசு திரும்ப நான்கு வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஏசி எட்டுப் பத்து வருடம் உழைக்கும் சாதனம். இந்த வீட்டுக்கு ஐந்து ஸ்டார் வாங்குவதுதான் சரி.

அதே தெருவில் இன்னொரு வீடு. வயதான தம்பதி இருவர் மட்டும். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் தாண்டாது. கோடையில் ராத்திரி நாலு மணி நேரம் ஏசி போட்டு, அறை குளிர்ந்ததும் அணைத்துவிட்டு ஃபேனில் தூங்குகிறவர்கள். ஒரு பில் காலத்துக்கு 240 மணி நேரம். மூன்று ஸ்டாருக்கு 146 யூனிட், ஐந்து ஸ்டாருக்கு 113. இரண்டில் எதை வாங்கினாலும் மொத்தம் 400-க்குள் அடங்கிவிடுகிறது. மிச்சமாகும் 33 யூனிட்டும் 4 ரூபாய் 70 காசுப் படியில்தான். பில்லுக்கு 155 ரூபாய், மூன்று பில்லுக்கு 465. கூடுதலாகப் போட்ட 8,000 ரூபாய் திரும்பப் பதினேழு வருடம். அதற்குள் அந்த ஏசியே போய்விடும். இவர்களுக்கு மூன்று ஸ்டார் போதும். மிச்சப் பணத்தை ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடச் செலவழித்தால் அதில் இன்னும் கொஞ்சம் யூனிட் குறையும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே லேபிள், ஒரே ஊர், ஒரே கட்டண அட்டவணை. தீர்ப்பு மட்டும் நேர்மாறு. மணி நேரமும், ஏசி ஏறி உட்காரும் படியும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் ஒரே விலை வாங்குகிற இடங்களில் படிக் கணக்கே வேண்டாம். அந்த விலையால் நேரே பெருக்கிவிடலாம்.

இனி லேபிளின் மற்ற இரு எண்கள். இவற்றைக் கவனிக்காவிட்டால் ஆண்டு யூனிட்டே நம்மை ஏமாற்றக்கூடும்.

ஒன்றரை டன் என்று சொல்லி விற்கிற எல்லா ஏசியும் ஒரே திறன் உள்ளவை அல்ல. ஒரு டன் என்பது 3,517 வாட், ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் வரவேண்டும். லேபிளைப் பார்த்தால் ஒன்றில் 4,750 வாட் இருக்கும், இன்னொன்றில் 5,200 வாட் இருக்கும். இரண்டுக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். 4 என்றே இருந்தாலும், முதலாவதில் ஆண்டுக்குச் சுமார் 915 யூனிட் என்றும், இரண்டாவதில் சுமார் 1,000 யூனிட் என்றும் போட்டிருக்கும். முதலாவது சிக்கனமானது என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டு யூனிட் கணக்கு, ஏசியின் திறன் எவ்வளவோ அதற்குத் தக்க அளவு வெப்பம் அறையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடப்படுகிறது. சின்ன ஏசிக்குக் குறைந்த வேலை, பெரிய ஏசிக்கு அதிக வேலை என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. உங்கள் அறையோ ஒன்றுதான். அதிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஒன்றுதான். அதை இரண்டு ஏசியும் ஏறக்குறைய ஒரே யூனிட்டில்தான் வெளியேற்றும். ஆகவே வாட் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஏசிகளை ஆண்டு யூனிட்டால் ஒப்பிடலாம். வாட் வேறுபட்டால் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணால் ஒப்பிடுங்கள். ஒரு டன் ஏசியின் லேபிளில் யூனிட் குறைவாக இருக்கிறதே என்று, பெரிய ஹாலுக்கு அதை வாங்கி மாட்டுவது இந்த எண்ணைத் தவறாகப் படித்ததன் விளைவு. அது ராத்திரி முழுக்க மூச்சுப் பிடித்து ஓடும், அறையும் குளிராது.

ஸ்டாருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பி.இ.இ. அளவுகோலை இறுக்குகிறது. 2018-இல் ஐ.எஸ்.இ.இ.ஆர். 4.5 இருந்தாலே ஐந்து ஸ்டார். 2022 ஜூலை முதல் அதற்கு 5 வேண்டும் என்று உயர்த்தினார்கள். அதே 4.5 ஏசி ஒரே நாளில் நான்கு ஸ்டார் ஆகிவிட்டது. பழைய ஐந்து ஸ்டாரையும் புதிய நான்கு ஸ்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டாரை எண்ணுவதில் அர்த்தமில்லை. தள்ளுபடியில் வரும் சரக்கை வாங்குகிறவர்கள் லேபிளில் உள்ள காலத்தை ஒரு பார்வை பார்க்கவேண்டும். ஒரே ஸ்டாருக்குள்ளும் இடைவெளி உண்டு. அந்த 2022 அளவுகோலின்படி 3.8 முதல் 4.39 வரை எல்லாமே மூன்று ஸ்டார். 3.81 உள்ளதும் 4.35 உள்ளதும் ஒரே மூன்று ஸ்டார்தான், ஆனால் பின்னது எட்டில் ஒரு பங்கு குறைவாகத் தின்னும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் அப்படி ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல பேரம் கடையில் இல்லை. விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். பலருக்கு இது தெரியவும் தெரியாது.

சரி, லேபிள் சொன்ன 0.61 யூனிட் நம் வீட்டிலும் அப்படியே வருமா? பெரும்பாலும் வராது. சோதனைக் கூடத்தில் அறையின் வெப்பத்தை 27 டிகிரி என்று வைத்துத்தான் அளக்கிறார்கள். நாம் 24-இலும் 22-இலும் வைக்கிறோம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்று பி.இ.இ. சொல்கிறது, குறைத்து வைத்தால் அது செலவாகத் திரும்பும். அதோடு, லேபிள் கணக்கு வருடத்தின் இதமான நேரங்களையும் சேர்த்த சராசரி. ஏசி தன் முழுத் திறனில் சராசரியாகப் பாதிகூட உழைப்பதில்லை என்ற அடிப்படையில் வந்த எண். அதே மூன்று ஸ்டார் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். மே மாதம், மேல் மாடி, பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளத்துக்குக் கீழே படுக்கையறை என்றால், ராத்திரி இரண்டு மணி வரை தளம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டுக்கு 0.61 போதாது.

எவ்வளவு போதாது என்பதை மீட்டரிடமே கேட்கலாம். பழைய ஏசியை மாற்றப்போகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். முதலில் ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள், அழுக்கு ஃபில்டரோடு அளந்தால் அளவு கெட்டுவிடும். பிறகு ஒரு ராத்திரி பத்து மணிக்கு ஈ.பி. மீட்டருக்கு முன்னால் நின்று, திரையில் மாறி மாறி வரும் எண்களில் யூனிட் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஏசியை வழக்கம்போல ஓடவிட்டு, காலை ஆறு மணிக்கு மறுபடி பாருங்கள். அடுத்த ராத்திரி ஏசி இல்லாமல் அதே நேரத்துக்கு அதே வேலை. ஏசி உள்ள ராத்திரி 8.5 யூனிட், இல்லாத ராத்திரி ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்குமாக 1.3 யூனிட் என்றால், ஏசி தின்றது 7.2, மணிக்கு 0.9. உங்கள் பழைய ஏசியின் லேபிளில் 1,100 யூனிட் என்று போட்டிருந்தால் அது மணிக்கு 0.69. ஆக, உங்கள் அறையும் உங்கள் பழக்கமும் சேர்ந்து லேபிளைப் போல 1.3 மடங்கு செலவழிக்கின்றன. ஒரு ராத்திரியில் மழை பெய்திருக்கலாம், விருந்தாளி வந்திருக்கலாம். மூன்று நான்கு ராத்திரி அளந்து சராசரி எடுத்தால் நம்பிக்கையாக இருக்கும்.

இந்த 1.3 இனி உங்கள் சொந்த எண். புதிய ஏசியின் லேபிளையும் இதனாலேயே பெருக்குங்கள். மேலே பார்த்த முதல் வீடு இப்படிப்பட்ட மேல் மாடி வீடாக இருந்திருந்தால், ஒரு பில் காலத்துக்கு மூன்று ஸ்டார் 381 யூனிட்டும் ஐந்து ஸ்டார் 293 யூனிட்டும் தின்னும். பில் முறையே 4,401 ரூபாய், 3,570 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 1,930-இலிருந்து சுமார் 2,490 ஆக உயர்கிறது. போட்ட காசு மூன்று வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும். அறை எவ்வளவு சூடோ, ஐந்து ஸ்டாரின் பக்கம் நியாயம் அவ்வளவு கூடுகிறது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. பழைய ஏசியில் கேஸ் குறைந்திருந்தாலோ கம்ப்ரசர் தளர்ந்திருந்தாலோ, அந்தக் கோளாறும் 1.3-க்குள் கலந்துவிடும். அளந்த எண் லேபிளைப் போல இரண்டு மடங்கு வந்தால் அது அறையின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு, மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. முதல்முறை ஏசி வாங்குகிறவர்களிடம் அளந்து பார்க்கப் பழைய ஏசி கிடையாது. கீழ்த்தளத்து அறை, 26 டிகிரியில் வைக்கும் பழக்கம் என்றால் லேபிள் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். மேல் மாடி, 23 டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம்.

ஏசி வாங்கக் கிளம்பும்போது, ஏசி ஓடாத மாதங்களின் கரண்ட் பில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த யூனிட் தெரிந்தால்தான் உங்கள் ஏசி எந்தப் படியில் ஏறி உட்காரும் என்று தெரியும். பிடித்த மாடல்களின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாட்டும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணும் தெளிவாக விழட்டும். கணக்குப் போட்டு முடிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.